வீடு மாறும்போது பிராட்பேண்ட்: 'துண்டிக்கவும்' என்று எழுதாதீர்கள்

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். மாதக் கடைசியில் மதுரை கே.கே.நகரிலிருந்து திருநகருக்கு வீடு மாறுகிறேன். ஃபைபர் இணைப்புக்கு ஓராண்டுக்கு 9,000 ரூபாய் மொத்தமாகக் கட்டி ஐந்து மாதம்தான் ஆகிறது. "தற்போதைய இணைப்பைத் துண்டித்து, புதிய முகவரியில் வழங்கவும்" என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: ஐயா, அதை அனுப்பிவிடாதீர்கள். 'துண்டித்து' என்பதைப் பார்த்து ஊழியர் 'சரண்டர்' என்று பதிந்துவிட்டால் கணக்கே மூடப்படும். மீதி ஏழு மாதத்துக்கான 5,250 ரூபாய் சிக்கிக்கொள்ளும். முன்பணத் திட்டங்கள் பலவற்றில் இடையில் விலகினால் பணம் திரும்பாது. நீங்கள் கேட்க வேண்டியது 'ஷிஃப்டிங்', அதாவது அதே கணக்கைப் புது முகவரிக்கு மாற்றுவது.

முதலில் புது வீட்டில் லைன் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கம்பத்தில் இருக்கும் சிறு பெட்டியிலிருந்துதான் வீட்டுக்கு ஒயர் இழுப்பார்கள். அதில் எட்டோ பதினாறோ போர்ட்தான் இருக்கும். எல்லாம் நிரம்பியிருந்தால், பக்கத்து வீட்டில் லைன் ஓடினாலும் உங்களுக்குக் கிடைக்காது. கம்பெனி ஆள் நேரில் பார்த்துச் சொல்லும்வரை பழைய லைனை விட வேண்டாம்.

கடிதம் இப்படி இருக்கட்டும்:

"என் வாடிக்கையாளர் எண் ... , பதிவு செய்த செல்போன் எண் ... . இந்த இணைப்பை, கணக்கை மூடாமல், கீழ்க்கண்ட முகவரிக்கு ... தேதி மாற்றித் தரக் கோருகிறேன். என் திட்டத்தில் இன்னும் ஏழு மாதம் பாக்கி உள்ளது. அது புது முகவரியில் தொடர வேண்டும். இடையில் சேவை இல்லாத நாட்களைக் காலக்கெடுவில் சேர்த்துத் தர வேண்டும். மாற்றுக் கட்டணம் எவ்வளவு, லேண்ட்லைன் எண் மாறுமா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். மோடத்தின் சீரியல் நம்பர் ... ."

புது முகவரியில் மாடி, அருகிலுள்ள அடையாளம் இரண்டையும் சேர்த்து, வாடகை ஒப்பந்தத்தின் நகலை இணையுங்கள். பதினைந்து நாள் முன்பே அனுப்புவது நல்லது. எக்ஸ்சேஞ்ச் மாறினால் லேண்ட்லைன் எண்ணும் மாறக்கூடும். அந்த எண்ணை வங்கியில் கொடுத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

மோடம், அடாப்டர் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். சுவரில் வரும் மெல்லிய ஃபைபர் ஒயரை இழுக்கவோ மடக்கவோ வேண்டாம். அங்கே மோடத்தை மாட்டியதும் நெட் வராது. அதன் சீரியல் நம்பர் கம்பெனியில் பழைய லைனோடு பதிவாகியிருக்கும். கம்பெனிதான் அதைப் புது லைனுக்கு மாற்ற வேண்டும். மோடத்தில் LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒயர் வழியே ஒளி வரவில்லை, லைன்மேன் வர வேண்டும். சிவப்பு அணைந்து, PON என்று எழுதிய விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் ஒளி வருகிறது, பெரும்பாலும் பதிவுதான் பாக்கி. போனில் இதைச் சொல்லிவிட்டால் தேவையில்லாத அலைச்சல் மிச்சம்.

கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். சொன்ன தேதியில் நடக்காவிட்டால், புகார் எண் வாங்கி, அதைக் காட்டிக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அங்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.