பள்ளிபாளையம் சிக்கனில் வறுத்த ருசி வர

“வீட்டில் செய்தால் கறி வெந்துவிடுகிறது, ஆனால் அவித்த மாதிரியே இருக்கிறது. கடை ருசி வரவில்லை.”

சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை அது வராதுங்க. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. கறியில் உள்ள அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசனையையும் தருவதுதான் மைலார்டு வினை. அது வேகம் பிடிக்கக் கறியின் மேல்பரப்பு காய்ந்து, 140 டிகிரிக்குப் பக்கம் போக வேண்டும். அவித்த கறியில் அந்த வாசனைகள் அநேகமாக உருவாவதே இல்லை.

கழுவிய ஈரத்தோடு மொத்தக் கறியையும் சின்ன வடச்சட்டியில் போட்டு மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிராய்லர் கறி வேறு நிறையத் தண்ணீர் விடும்.

அடுத்த முறை கறி வெந்ததும் மூடியை எடுத்துவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். ‘களக் களக்’ என்றால் இன்னும் கொதிக்கிறது. எண்ணெய் பிரிந்து ‘சுர்ர்’ என்று மாறிய பிறகுதான் வறுபடவே ஆரம்பிக்கிறது. பலர் அங்கேதான் அடுப்பை அணைக்கிறார்கள்! சும்மா கிளறாமல், துண்டின் ஒரு பக்கம் சட்டியில் படிந்து சிவக்க விடுங்கள். அடியில் ஒட்டும் பழுப்பைச் சுரண்டிச் சேருங்கள், ருசி அதில்தான்.

மஞ்சள்தூள் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்புறம், வரமிளகாய் கறுத்தால் கசக்கும். அதனால் கடைசியில் தீ மிதமாகவே இருக்கட்டும்.