கண்ட்ரோல் பேனலில் தெர்மல் கேமராவும் டெர்மினல் டைட்டும்: கேள்வி பதில்

415 வோல்ட் மோட்டர் பேனல் பற்றி மட்டும் கேளுங்க. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன்: படம் எடுக்கறது லோடு ஓடும்போது, ஸ்க்ரூவைத் தொடறது கரண்ட் நின்ன பிறகு. இது ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கவே கூடாது.

ஓமலூர், சேகோ ஃபேக்டரி பராமரிப்பு: 30 ஹெச்பி மோட்டர், ஸ்டார் டெல்டா. மெயின் கான்டாக்டர் கீழ் டெர்மினல்ல ஆர் 47, ஒய் 48, பி 71 டிகிரி. க்ளாம்ப் மீட்டர்ல அதே மூணு ஒயர்லயும் 14 ஆம்பியர். டைட் வச்சா போதுமா சார்?

போதாது. ஆனா கரண்டையும் சேர்த்து எழுதினீங்க பாருங்க, அதுனாலதான் இதுக்குப் பதில் சொல்ல முடியுது. மூணு ஃபேஸ்லயும் ஒரே 14 ஆம்பியர் ஓடுது, அதனால பி-யில கூடுதலா இருக்கற 24 டிகிரி லோடால வந்தது இல்ல, இணைப்பால வந்தது. ஒரே வேலை பார்க்கற ஃபேஸ்களுக்குள்ள 15 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்துட்டா அடுத்த சட்டவுன் வரைக்கும் தள்ளிப்போடக் கூடாது.

அந்த 24-ஐ அப்படியே எடுத்துக்காதீங்க. 30 ஹெச்பி மோட்டர் முழு லோடுல லைன்ல சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். டெல்டாவுல ஓடும்போது மெயின் கான்டாக்டர் வழியா அதுல 58 சதவீதம், அதாவது 23 ஆம்பியர்தான் போகும். நீங்க பார்த்தது 14, கிட்டத்தட்ட 60 சதவீதம். சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறும், அதனால முழு லோடுல வர வேண்டிய சூட்டுல மூணுல ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகமாத்தான் நீங்க பார்த்திருக்கீங்க. கிழங்கு வரத்து ஏறி மோட்டர் முழு லோடுக்குப் போனா வித்தியாசம் 65 டிகிரி பக்கம் வந்து நிக்கும். நிஜத்துல சரியா வர்க்கக் கணக்குல ஏறாது, கொஞ்சம் குறையும். ஆனாலும் பிவிசி ஒயரோட 70 டிகிரி வரம்பை இப்பவே தொட்டாச்சு.

படத்தைத் திரும்பப் பாருங்க. ஸ்க்ரூகிட்ட அதிகமா இருந்து ஒயர் வழியா நாலு விரல் தூரத்துல சூடு தணிஞ்சா கோளாறு அந்த டெர்மினல்லதான். அதே பி ஃபேஸ்ல மேல் டெர்மினலும் சமமா சூடா இருந்தா உள்ள இருக்கற கான்டாக்ட் தேய்ஞ்சிருக்கு, வெளிய எவ்வளவு டைட் வச்சாலும் தீராது.

மெயினை ஆஃப் பண்ணி பூட்டு போடுங்க. டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கற இடத்துல வச்சுப் பாருங்க, அப்புறம் இங்க, மறுபடி கரண்ட் இருக்கற இடத்துல. மெயின் ஸ்விட்சுக்கு மேல் பக்கம் இன்னும் கரண்ட் இருக்கும், அதை மறக்காதீங்க. சூடு ஆறின பிறகு ஒயரை லேசா இழுத்துப் பாருங்க, அடுத்து ஸ்க்ரூவை கழட்டுங்க. டைட் வைக்காதீங்க, கழட்டுங்க. பெரும்பாலும் மூணுல ஒண்ணு தெரியும்: பிரிகள் விரிஞ்சு பாதிதான் கவ்வியிருக்கும், இல்ல ஸ்க்ரூ அடியில செம்புக்குப் பதிலா பிவிசி தோல் மாட்டியிருக்கும், இல்ல செம்பு சாக்லேட் நிறத்துல கருத்திருக்கும்.

கருத்த செம்பை அப்படியே அழுத்தினா ஒரு மாசம் சூடு குறைஞ்ச மாதிரி இருக்கும். பிரிகளுக்கு நடுவுல ஆக்சைடு அப்படியேதான் இருக்கு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி செம்பு நசுங்கிக்கிட்டே போகும், அழுத்தம் விடும், மறுபடி சூடேறும். அதனால பளபளன்னு செம்பு வர்ற வரைக்கும் ஒயரை வெட்டுங்க. தோல் விறைச்சுப் போயிருந்தா அந்த நீளமும் போகட்டும். ஒயர் எட்டலைன்னா இழுத்து மாட்டாதீங்க, முழு ஒயரையும் மாத்துங்க. ஒயர் சைஸுக்குச் சரியான ஃபெருல் போட்டு அதுக்கான கிரிம்பிங் டூல்ல அழுத்துங்க. ஈயம் வைக்கக் கூடாது, அழுத்தத்துல ஈயம் நாள்பட நகர்ந்து லூஸாகும். கான்டாக்டரோட பிளாஸ்டிக் பழுப்பாயிருந்தாலோ, கவ்வற தகடு நீலம் பாரிச்சிருந்தாலோ கான்டாக்டரையே மாத்துங்க, அது இனிமே பிடிக்காது.

அப்புறம் அதே 14 ஆம்பியர்ல ஒரு மணி நேரம் ஓட்டி, அதே கோணத்துல படம் எடுங்க. மூணும் ரெண்டு மூணு டிகிரிக்குள்ள வரணும்.

அம்மாபேட்டை, தறி ஓனர்: எத்தனை டிகிரி தாண்டினா ஆபத்துன்னு ஒரே நம்பரா சொல்லுங்க.

ஒரே நம்பர் கிடையாது. பக்கத்து ஃபேஸோட ஒப்பிடணும், கரண்டையும் பார்க்கணும். கான்டாக்டர் காயில் 60 டிகிரியில இருந்தாலும் அது இயல்பு.

ஏற்காடு, எஸ்டேட் சூப்பர்வைசர்: எங்க பல்பர் பேனலை ஆகஸ்ட்ல ஸ்கேன் பண்ணினோம், எல்லாமே 20 டிகிரிக்குள்ளதான். நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்க முடியாது. பல்பர் ஓடறது காப்பிப் பழம் பறிக்கற சீசன்ல. ஆகஸ்ட்ல லோடே இல்ல, கரண்ட் போகாத இணைப்பு எவ்வளவு லூஸா இருந்தாலும் சூடாகாது. குறைஞ்சது 40 சதவீத லோடு ஓடி, ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்த படம்தான் படம்.

இன்னொண்ணு, மேல காலையில 15 டிகிரி குளிர்ல டெர்மினல் 45 காட்டினா அது 30 டிகிரி ஏற்றம். சேலத்துல மத்தியானம் 38-ல அதே 45 வெறும் 7 டிகிரிதான். கீழ இருந்து வர்றவர் 45-ஐப் பார்த்து சரின்னு சொல்லிட்டுப் போயிடுவார், அதனால வெளி வெப்பத்தையும் கண்டிப்பா குறிச்சு வாங்குங்க.

உங்களுக்குக் கேமராவை விட முக்கியம் ஈரம். மாசக்கணக்கா ஆஃப்ல கிடக்கற பேனல்ல மூடுபனி ஏறி செம்புல பச்சை பூக்கும். சீசனுக்கு முன்னாடி கரண்ட்டை நிறுத்திட்டு கண்ணால பாருங்க. பச்சை இருந்தா கழட்டிச் சுத்தம் பண்ணிப் புது ஃபெருல் போடுங்க. பேனல்ல ஹீட்டர் இருந்தா சீசன் இல்லாதப்பவும் அது ஓடணும்.

சூரமங்கலம், எலக்ட்ரீஷியன்: அண்ணா, கேமரா எல்லாம் பெரிய கம்பெனிக்கு. வருஷத்துக்கு ஒருவாட்டி எல்லா ஸ்க்ரூவும் கால் சுத்து டைட். நான் பார்க்கற பேனல் எதுவும் எரியல.

தம்பி, வருஷம் கால் சுத்துன்னா பத்து வருஷத்துல ரெண்டரை சுத்து. அது எங்க போகுது? பிரிகள் நசுங்கி அறுபடுது, மரை வழுக்குது, பிளாஸ்டிக் விரியுது. அறுந்த பிரி போக மிச்சம் இருக்கற செம்புலதான் முழுக் கரண்டும் ஓடும், அது சூடாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் டெர்மினல் பிளாக்குக்கு 0.5, 0.6 நியூட்டன் மீட்டர்தான் பெரும்பாலும் கேட்பாங்க. கையால முறுக்கும்போது அதைப் போல ரெண்டு மடங்கு தெரியாமலே போயிடும். அளவு பொருள் மேலயோ உள்ள வர்ற தாள்லயோ இருக்கும், அதைப் பார்த்து டார்க் ஸ்க்ரூடிரைவர்ல வைங்க.

சூரமங்கலம், எலக்ட்ரீஷியன்: அப்போ லூஸானதை எப்படிக் கண்டுபிடிக்கறது? லூஸ் ஸ்க்ரூ நிறைய பார்த்திருக்கேன் அண்ணா.

பார்த்திருப்பீங்க, ஒத்துக்கறேன். முக்கியமா புது பேனல்ல. லாரியில வந்த அதிர்வு, புது செம்பு அமர்றது, ரெண்டும் சேர்ந்து முதல் வருஷத்துல லூஸாகும். அதனால முதல் வருஷம் ஒருமுறை எல்லாத்தையும் டார்க்ல சரிபார்க்கறது சரிதான். அதுக்கப்புறம் படத்துல தெரியற இடத்தை மட்டும் தொடுங்க.

கொண்டலாம்பட்டி, பேனல் தயாரிப்பு: நாங்க டார்க் வச்சதும் ஸ்க்ரூ தலையில இருந்து பாடி வரைக்கும் பெயின்ட் கோடு போடறோம். கோடு நகரலைன்னா இணைப்பு நல்லா இருக்கு. யாரும் தொடவே வேண்டாம்.

பாதி சரி. கோடு நகரலைன்னா ஸ்க்ரூ திரும்பலைன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஸ்க்ரூ அசையாமலே அடியில செம்பு நசுங்கி அழுத்தம் விடும், கோடு நேரா இருக்கும்போதே டெர்மினல் கொதிக்கும். கோடு போடுங்க, ஆனா படமும் எடுங்க.

கொண்டலாம்பட்டி, பேனல் தயாரிப்பு: முதல் வருஷம் சரிபார்க்கச் சொல்றீங்களே, பிரி ஒயர்ல எத்தனை தடவை டார்க் வச்சாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். நல்ல இணைப்பையும் நீங்களே நசுக்கறீங்க.

ஃபெருல் இல்லாத பிரி ஒயர்னா நீங்க சொல்றது உண்மை. ஃபெருல் போட்டதுல, குறிச்ச அளவுல டிரைவர் நகராமலே க்ளிக் ஆனா நான் விட்டுடுவேன். ஒரே ஒருமுறை சரிபார்க்கறதுல வர்ற நசுங்கலை விட, லாரியில லூஸான ஒரு ஸ்க்ரூ ஆபத்துன்னு நினைக்கிறேன். நீங்க ஒத்துக்கலைன்னு புரியுது.

கொண்டலாம்பட்டி, பேனல் தயாரிப்பு: ஒத்துக்கல. சைட்ல இறக்கினதும் கரண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க, ஒரு வருஷம் கழிச்சு வேண்டாம்.

கரண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி பார்க்கறது நல்ல யோசனை. அதுக்காக முதல் வருஷத்தை விட எனக்கு மனசு வரல.

மேட்டூர் ரோடு, அரிசி மில்: எத்தனை டிகிரின்னா மாத்தணும்?

மேல அம்மாபேட்டைக்காரருக்குச் சொல்லியிருக்கேன்.

ஆத்தூர்: தெர்மல் ரிலே மத்தியானத்துல மட்டும் ட்ரிப் ஆகுது, கரண்ட் சரியாத்தான் இருக்கு. தெர்மல் பத்திப் பேசறீங்களேன்னு கேட்கறேன்.

கேமரா வேற, ரிலே வேற. ஆனா உங்க கேள்வி இங்கயே பொருந்துது. ரிலேவுக்குள்ள இருக்கறது பைமெட்டல், அதுக்குச் சூடு எங்கிருந்து வந்தாலும் ஒண்ணுதான். ரிலே டெர்மினல்ல ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்தா அந்தச் சூடு உள்ள போய், வெயிலும் சேர்ந்து, கரண்ட் ஏறாமலே ட்ரிப் ஆகும். செட்டிங்கை ஏத்தி வைக்காதீங்க, மோட்டர் போயிடும். ட்ரிப் ஆகற நேரத்துல ஓடும்போதே மூணு டெர்மினலையும் படம் எடுங்க.

ஆத்தூர்: கேமரா இல்ல, லேசர் கன் இருக்கு.

புள்ளி விழற இடத்தை மட்டும் அது அளக்காது. 12:1 கன்னுன்னா 60 சென்டிமீட்டர் தூரத்துல 5 சென்டிமீட்டர் வட்டத்தோட சராசரி. அந்த வட்டத்துல கான்டாக்டரோட மூணு டெர்மினலும் அடங்கிடும், எது சூடுன்னு எப்படித் தெரியும்? கிட்டப் போய் அளக்கலாம்னு கரண்ட் ஓடற டெர்மினல் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க. கேமரா வச்சிருக்கறவரைக் கூப்பிடுங்க.

ஓமலூர், சேகோ ஃபேக்டரி பராமரிப்பு: சார், கழட்டிப் பார்த்தோம். தோல் மாட்டியிருந்துச்சு. வெட்டி, புது ஃபெருல் போட்டாச்சு. இப்போ படத்துல ஸ்க்ரூ தலை 39, பக்கத்துல ஒயர் 49. ஸ்க்ரூ நல்லா இருக்கு, ஒயர்தான் சூடா?

இல்ல. பளபளப்பான உலோகம் தன் சூட்டைச் சரியா வெளிய காட்டாது, சுத்தி இருக்கறதைத்தான் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். நீங்க ஒரு அடி நகர்ந்து பாருங்க, ஸ்க்ரூ மேல தெரியற நம்பர் மாறும். நம்ப வேண்டியது ஸ்க்ரூவை ஒட்டின ஃபெருல் பிளாஸ்டிக், ஒயர் தோல். மெயின் பஸ்பார் மாதிரி இடத்துல சட்டவுன் நேரத்துல ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி விட்டா, அடுத்த தடவை அந்தத் துண்டைப் பார்த்து அளக்கலாம். அக்ரிலிக் மூடி இருந்தா அது வழியா எதுவும் தெரியாது.

அந்த 49 எந்த கரண்ட்ல எடுத்தது? மத்த ரெண்டு ஃபேஸ் எவ்வளவு?

ஓமலூர், சேகோ ஃபேக்டரி பராமரிப்பு: 15 ஆம்பியர். ஆர் 48, ஒய் 49.

சரியாயிடுச்சு. மூணு நம்பர், கரண்ட், வெளி வெப்பம், தேதி, நாலையும் பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைங்க. தோல் மாட்டினது பி-யில மட்டும்தானா? அதே கை மாட்டின மத்த ஒயர்களையும் அடுத்த சட்டவுன்ல பாருங்க, டெல்டா கான்டாக்டர்ல இருந்து ஆரம்பிங்க.