ஓட்டோவில் எனக்குக் கழிவு, சாரதிக்குக் கொமிஷன்: ஏன்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டைக்கு அப்பில் ஓட்டோ எடுப்பேன். எனக்கு அடிக்கடி கழிவு வருகிறது. ஓட்டோக்காரரோ, "கொமிஷன் எல்லாம் எங்களிட்டத்தான் வெட்டுறாங்கள், கேன்சல் பண்ணிப்போட்டுக் காசாத் தாங்கோ" என்கிறார். ஒரே ஓட்டத்துக்கு ஆளுக்கொரு விதமாக ஏன் நடத்துகிறார்கள்? கேன்சல் பண்ணினால் எனக்கு நட்டமா?

பதில்: அந்த நிறுவனத்துக்கு நீங்கள் மட்டும் வாடிக்கையாளர் இல்லை, சாரதியும் வாடிக்கையாளர்தான். இருவரும் வந்தால்தான் அதற்கு வியாபாரம். அதனால் விலை கூடியதும் யார் சட்டென்று விலகிப் போவாரோ அவருக்குக் குறைத்துக் கொடுத்து, விலக முடியாதவரிடம் எடுக்கும். காலி வீதியில் உங்களுக்கு 100ஆம் இலக்க பஸ் இருக்கிறது, சந்தியில் மீற்றர் ஓட்டோ நிற்கிறது, கையில் இன்னொரு அப்பும் இருக்கலாம். லீசிங் தவணை கட்டும் சாரதிக்கோ நாள் முழுக்க ஹயர் வேண்டும். பயணிகள் எந்த அப்பில் குவிந்திருக்கிறார்களோ அங்கேதான் அவர் நிற்க வேண்டும். உங்களைக் கழிவு கொடுத்துப் பிடித்து வைப்பதே, அவரிடம் கொமிஷன் கேட்கும் பலத்தை நிறுவனத்துக்குத் தருகிறது.

ஆனால் "யாரிடம் வெட்டுகிறார்கள்" என்பது ஏன் இவ்வளவு உறைக்கிறது? சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரருக்குச் செலவு கூடினால் பேரம் பேசும்போது அதையும் சேர்த்துக் கேட்பார். அப்பில் கட்டணத்தை நிறுவனமே போடுகிறது. கொமிஷனை உங்கள் தலையில் சேர்க்கச் சாரதிக்கு வழியில்லை. இத்தகைய சந்தைகளை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொருளியலாளர்கள் ரோஷேயும் திரோலும் சுட்டிக்காட்டிய மையப் புள்ளி இதுதான்: ஒரு பக்கம் தன் சுமையை மறுபக்கத்துக்குத் தள்ள முடியாதபோதுதான், எந்தப் பக்கத்தில் அறவிடுகிறார்கள் என்பது முக்கியமாகிறது. "கேன்சல் பண்ணுங்கோ" என்று அவர் கேட்பது, அடைத்த அந்த வழியைத் திறந்து பார்க்கிற முயற்சி.

கணக்காகப் பார்ப்போம். உதாரணத்துக்குக் கட்டணம் 800 ரூபா, கொமிஷன் 15 வீதம், உங்களுக்குக் கழிவு 200 என்று வையுங்கள். நீங்கள் 600 கொடுப்பீர்கள். கொமிஷனை முழுக் கட்டணத்தில் கணக்கிட்டால் 120 போக, சாரதிக்குச் சேர வேண்டியது 680. கையில் 600தான் வந்தது என்பதால் மீதி 80ஐ நிறுவனம் அவர் கணக்கில் போட வேண்டும். இந்த ஓட்டத்தில் நிறுவனத்துக்கே 80 ரூபா நட்டம். உங்கள் கழிவு சாரதியின் பையில் இருந்து வரவில்லை.

இதே 200ஐக் கழிவு என்று காட்டாமல், கட்டணத்தையே 600 ஆகக் குறைத்துப் போட்டால் கதை வேறு. அப்போது 600இல் 90 வெட்டி, சாரதிக்கு 510தான். உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அவருக்கோ 170 ரூபா வித்தியாசம். பயணம் முடிந்ததும் பற்றுச்சீட்டைத் திறந்து பாருங்கள். முழுக் கட்டணமும் அதன் கீழே கழிவு தனி வரியாகவும் இருந்தால் முதல் வகை. ஒரே தொகை குறைவாக நின்றால் இரண்டாவதாக இருக்கக்கூடும்; அப்படியான ஹயருக்குச் சாரதிகள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

இப்போது கேன்சலுக்கு வருவோம். கழிவு உள்ள ஓட்டத்தை விட்டுவிட்டு 700 கொடுத்தால் உங்களுக்கு 100 நட்டம், அவருக்கு 20தான் இலாபம். மீதி 80 நிறுவனத்துக்கு மிச்சம். அதனால் கழிவு இருக்கும்போது கேன்சல் பண்ணவே வேண்டாம். கழிவு இல்லாவிட்டால் மட்டும் இருவருக்கும் இலாபம் வர இடமுண்டு: 680க்கு மேல் எதுவும் அவருக்கு நல்லது, 800க்குக் கீழ் எதுவும் உங்களுக்கு நல்லது. 740க்கு ஒத்துக்கொண்டால் ஆளுக்கு 60. ஆனால் அந்த ஓட்டம் அப்பில் பதிவாகாது. பையை ஓட்டோவில் விட்டாலோ, பாதி வழியில் "இன்னும் நூறு தாங்கோ" என்றாலோ முறையிட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அந்த 60 ரூபாவுக்கு, அதுவும் இரவில் தனியாகப் போகிறவர்களுக்கு, இது பெறுமதியில்லை என்பதே என் தீர்க்கமான கருத்து. அவர் வர மறுத்தால் கேன்சலை அவரையே செய்யச் சொல்லுங்கள். அவர் ஏற்ற பிறகு நீங்கள் செய்தால் கேன்சல் கட்டணம் உங்கள் மேல் விழலாம்.

சாரதிக்கு உதவ விரும்பினால் ஓட்டத்தை அப்பிலேயே முடித்து, இறங்கும்போது ஐம்பது ரூபாவைக் கையில் கொடுங்கள். அதில் கொமிஷன் வெட்ட முடியாது. காட் மூலம் கட்டாமல் காசாகக் கொடுப்பதும் அவருக்குச் சௌகரியம், ஏனெனில் காட் பணம் அவர் கணக்குக்குப் பிந்தியே வரும். அதைப் புக் பண்ணும்போதே தெரிவு செய்துவிடுங்கள்.

கந்தோர் விடும் நேரத்தில் மழை கொட்டினால் இந்த நிலை தலைகீழாகும். அப்போது தட்டுப்பாடு ஓட்டோவுக்கு. கட்டணத்தை ஏற்றி உங்களிடம் எடுத்துச் சாரதிகளை இழுப்பார்கள். அவசரமில்லை என்றால் இருபது நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள், அல்லது மீற்றர் ஓட்டோவை விசாரியுங்கள்.