படத்தைப் பார்த்தே பெட்டியின் சட்டமும் துணியும் தெரியுமா?

கேள்வி: மகள் செப்டம்பரில் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். இணையத்தில் மூன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று ‘பாலிகார்பனேட்’ என்று போட்ட 75 செ.மீ. பளபள பெட்டி, இன்னொன்று ‘1680 டெனியர்’ என்று போட்ட சக்கர டஃபிள், மூன்றாவது ‘உள் ஃபிரேம் உள்ள 65 லிட்டர்’ ரக்சாக். எங்கள் ஊர்க் கடைகளில் இவை இல்லை, படங்களை மட்டும் நம்பித்தான் வாங்க வேண்டும். விளம்பரத்தில் சொல்வது உண்மையா என்று படத்திலிருந்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? மூன்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஓரளவுக்கு முடியும். ஆனால் முதல் படத்தை விட்டுவிடுங்கள். அது பளபளப்பைக் காட்ட எடுத்தது. பெட்டி திறந்திருக்கும் படம், முதுகுப்பக்கப் படம், வாங்கியவர்கள் விமர்சனத்தோடு போட்ட படம் இந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பியவற்றிலும் அப்படித்தான்.

பெட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம், பணம் அதிகம் போவது அதில்தான். கெட்டி ஓடு உள்ள பெட்டிகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், ஏபிஎஸ், பாலிகார்பனேட் ஆகிய மூன்று பிளாஸ்டிக்கில் ஒன்றாகவோ, பின் இரண்டின் கலவையாகவோ இருக்கும். பாலிப்ரோப்பிலீனைப் படத்தில் பிரித்துவிடலாம். அதை உருக்கி அச்சுக்குள் செலுத்தி வார்ப்பதால், திறந்த பெட்டியின் உட்புறத்தில் ஓட்டோடு ஒட்டிய பிளாஸ்டிக் வரம்புகள் தெரியும். சக்கரம் உட்காரும் குழியும் பல பெட்டிகளில் ஓட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். மேற்பரப்பு பளபளக்காமல் மங்கலாக இருக்கும். ஜிப்புக்குப் பதில் பக்கத்தில் லாக் வைத்து வரும் கனமான பெட்டிகளில் பல இந்த வகைதான்.

உங்கள் பெட்டி அது இல்லை. உட்புறம் முழுக்கத் துணி லைனிங் போட்டு மூடியிருக்கிறது, விளிம்பில் ஓட்டை ஜிப் நாடாவோடு சேர்த்துத் தைத்த தையல் ஓடுகிறது. அதாவது பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்துச் செய்த ஓடு. ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டும் இப்படித்தான் வரும். இரண்டில் எது என்று படத்தை வைத்து அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. பளபளப்பு ஒரு ஆதாரமே இல்லை, ஏபிஎஸ் தகட்டின் மேல் பாலிகார்பனேட் படலம் ஒட்டினாலும் அதே மினுமினுப்பு வந்துவிடும். முகப்பில் இருக்கும் வைர வடிவப் புடைப்பும் அப்படியே. அது கீறல் தெரியாமல் இருக்கப் போடுவது.

வாங்கியவர்கள் போட்ட நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழ் மூலையில் விரிசல், அதைச் சுற்றி வெள்ளையாக வெளுத்த கோடுகள். தகட்டை அச்சில் இழுக்கும்போது மூலையில்தான் அது அதிகம் நீளும், அதனால் அங்கேதான் மெலியும். விமான நிலையத்தில் பெட்டி விழுவதும் மூலை மேல்தான். பாலிகார்பனேட் அந்த அடியில் உள்வாங்கி மறுபடி நிமிரப் பார்க்கும். ஏபிஎஸ் விறைப்பானது, வளைந்த இடத்தில் வெளுத்துப் பிறகு வெடிக்கும். ஆகவே அது முழு பாலிகார்பனேட் இல்லை, ஏபிஎஸ் அல்லது ஏபிஎஸ் அதிகம் கலந்தது என்பது என் ஊகம். ஒரே ஒரு படத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல மாட்டேன். விவரப் பட்டியலின் அடியில் ‘பொருள்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். தலைப்பில் ‘பாலிகார்பனேட்’ என்றும் கீழே ‘பிசி + ஏபிஎஸ்’ என்றும் இருந்தால் கீழே இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் என்றாலே குப்பை என்று இல்லை. அதற்கு ஏபிஎஸ் விலை கொடுத்தால் சரி.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பெட்டிக்குச் சட்டமே இல்லை, இரண்டு ஓடுகளையும் ஜிப்தான் பிடித்து வைத்திருக்கிறது. சட்டம் உள்ள பெட்டியில் நடுவில் ஜிப் நாடாவுக்குப் பதிலாக ஒரு அலுமினிய விளிம்பு சுற்றி வரும், பக்கத்தில் இரண்டு லாக் இருக்கும். திருடுவது கடினம், ஆனால் எடை கூடும், விரிக்கவும் முடியாது. ஜிப்பிலேயே இரண்டு ரகம் உண்டு. நைலான் சுருள் ஜிப்பின் பற்களுக்கு நடுவே பேனா முனையைக் குத்தி இழுத்தால் திறந்துகொள்ளும், பிறகு இழுப்பானை ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும். பூட்டு போட்டிருந்தாலும் இது நடக்கும். தனித்தனிப் பல்லாகத் தெரியும் ஜிப் இதற்கு அவ்வளவு எளிதில் வழிவிடாது. உங்கள் படத்தில் இருப்பது சுருள்.

அளவு காட்டும் படத்தையும் கவனியுங்கள். 75 × 52 × 31 என்று போட்டு அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். அந்த அம்பு தரையிலிருந்து தொடங்கவில்லை, ஓட்டின் அடியிலிருந்து தொடங்குகிறது. சக்கரம் கணக்கில் சேரவில்லை. பல சர்வதேச விமான நிறுவனங்கள் செக்-இன் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. வரை அனுமதிக்கின்றன, சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. இந்த மூன்று எண்களைக் கூட்டினாலே சரியாக 158. சக்கரத்துக்கு ஒரு 4 செ.மீ. சேர்த்தால் 162. கவுன்டரில் எல்லோரும் டேப் பிடிப்பதில்லை, ஆனால் பிடித்தால் பணம் கட்ட வேண்டியது நீங்கள்தான். இதே மாடலில் 65 செ.மீ. அளவு இருந்தால் அதைப் பாருங்கள். 23 கிலோ துணியும் புத்தகமும் அதிலேயே அடங்கிவிடும்.

டஃபிளுக்கு வருவோம். சாதா டஃபிள் என்றால் சட்டமே கிடையாது. உங்களுடையது சக்கர வகை என்பதால் அடிப்பாகம் கெட்டி பிளாஸ்டிக், முதுகில் இழுகைப்பிடியின் குழாய்கள். மேலே இருப்பது வெறும் துணிதான். படத்தில் சிலை மாதிரி நிமிர்ந்து நிற்கிறதே என்றால், உள்ளே காகிதம் திணித்திருக்கிறார்கள். முதுகுப் படத்தில் மேல் விளிம்பு சரிந்து மடங்கியிருப்பதைப் பாருங்கள். மேற்புறம் சட்டம் இருந்தால் அந்தக் கோடு நேராக நிற்கும்.

1680 டெனியர் என்பது நூலின் கனம். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். நைலானா பாலியஸ்டரா என்பதை அது சொல்லாது, படமும் சொல்லாது. நெசவை மட்டும் பார்க்கலாம். 1680 என்று விற்கும் துணியில் பெரும்பாலும் நூல்கள் இரண்டிரண்டாக ஒட்டி ஓடும், பெரிதாக்கினால் சின்னக் கூடை முடைந்த மாதிரி கட்டங்கள் தெரியும். 600 டெனியர் துணி பொதுவாக இதைவிட நெருக்கமாகவும் வழவழப்பாகவும் தெரியும். உங்கள் படத்தில் கட்டங்கள் நன்றாகவே தெரிகின்றன, ஆகவே அந்த எண்ணை நம்பலாம்.

துணியைவிட நான் பார்ப்பது கைப்பிடி நாடாவை. மலிவான டஃபிளில் அதைப் பக்கவாட்டில் ஒரு சதுரத் தையல் போட்டு நிறுத்திவிடுவார்கள், கனம் முழுவதும் அந்தத் தையலில் தொங்கும். நல்ல பையில் நாடா பக்கவாட்டில் இறங்கி, அடிப்பாகம் வரை போய்க் கெட்டியாகப் பிடிக்கும். உங்கள் மூன்றாவது படத்தில் நாடா அடிப் பிளாஸ்டிக்குக்குள் போய் மறைகிறது. நல்ல அறிகுறி. வாங்கியவர்களின் படங்களில் துணி பிளாஸ்டிக்கைச் சந்திக்கும் தையலை மட்டும் பாருங்கள். சக்கர டஃபிள்களில் பிரச்சினை வந்தால் முதலில் அங்கேதான் வரும்.

ரக்சாக் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். உள் ஃபிரேம் என்றால் முதுகுக்குள் அலுமினியப் பட்டையோ விறைப்பான பிளாஸ்டிக் பலகையோ இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதை நம்பி வைக்கும் ஒரு நாடா தெரியும். தோள்பட்டையின் உச்சியிலிருந்து பையின் மேல்பகுதிக்குச் சாய்வாக ஏறும் சின்ன நாடா அது. சட்டம் இருந்தால்தான் அந்த நாடாவை இழுக்கும்போது பை உடம்போடு ஒட்டும், இல்லாவிட்டால் பையின் தலை மடங்கும். உங்கள் படத்தில் நாடா இருக்கிறது, ஆனால் அதன் இரண்டு முனையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் தைக்கப்பட்டிருக்கின்றன. சும்மா அலங்காரம். இடுப்புப் பட்டையும் பஞ்சில்லாத வெறும் நாடா. ஃபிரேம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை.

65 லிட்டரும் அப்படித்தான். அவர்களே கொடுத்த அளவு 65 × 33 × 20 செ.மீ. பெருக்கினால் 42,900 கன சென்டிமீட்டர், அதாவது 43 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கப் பைகளையும் மேல்மூடியையும் சேர்த்தாலும் 50-ஐ ஒட்டித்தான் வரும். 65 செ.மீ. உயரத்துக்கு கேபினிலும் விடமாட்டார்கள், பல விமானங்களில் 55 தான் எல்லை. அப்புறம் இதை எதற்கு வாங்க வேண்டும்? கையில் கொண்டுபோக லேப்டாப் வைக்கும் சாதாரண முதுகுப்பை போதும்.

மூன்றில் நான் டஃபிளை வாங்குவேன். பெட்டிதான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், உட்புற வரம்புகள் தெரியும் பாலிப்ரோப்பிலீன் பெட்டியாகத் தேடுங்கள். அதில் ஏமாற்ற இடம் குறைவு.

எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் தலைப்பு, பொருள், அளவு மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பெட்டியாக இருந்தால் வந்ததும் லைனிங்கில் உள்ள ஜிப்பைத் திறந்து ஓட்டின் உட்புறம் பாருங்கள், முகப்பின் நடுவை உள்ளங்கையால் அழுத்துங்கள். உள்ளே போய்த் துள்ளி வெளியே வந்தால் பாலிகார்பனேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சக்கரக் குழியில் ‘ஏபிஎஸ்’ என்று பொறித்திருந்தால் பதற வேண்டாம், அது அந்த உதிரிபாகத்துக்கு மட்டும். சொன்ன பொருள் இல்லை என்று உறுதியானால், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அங்கே பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம்.