ஸ்கேன் தேதியா, மாதவிலக்குத் தேதியா?

கேள்வி: டாக்டர், எனக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்தது மார்ச் 1. மே 10 அன்று எடுத்த முதல் ஸ்கேனில் 8 வாரம் 2 நாள் என்று போட்டிருக்கிறார்கள். என் கணக்குப்படி 10 வாரம் ஆகிறது. குழந்தை வளரவில்லையோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு எப்போதுமே 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

பதில்: கடைசி வரியில் நீங்களே விடை சொல்லிவிட்டீர்கள். மாதவிலக்குத் தேதியை வைத்துப் போடும் கணக்கு, எல்லாப் பெண்களுக்கும் 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகும் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் கருமுட்டை வெளியாகி சுமார் 14 நாள் கழித்துத்தான் அடுத்த மாதவிலக்கு வரும். உங்கள் 40 நாளில் 14 போனால் 26. அதாவது, கணக்கு நினைப்பதைவிட 12 நாள் தாமதமாகத்தான் கரு உருவாகியிருக்கும். ஸ்கேனில் குறைவதும் அதே 12 நாள்தான்.

ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். 18 மி.மீ. என்று இருக்குமே, அது குழந்தையின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளம். முதல் மூன்று மாதத்தில் அப்பா அம்மா உயரமோ குள்ளமோ, எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளரும். அதனால் இந்த ஓர் அளவை வைத்தே வயதை 5 முதல் 7 நாள் பிசகுக்குள் சொல்லிவிடலாம். 9 முதல் 13 வாரத்துக்குள் இரண்டு கணக்குக்கும் 7 நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியையே வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் உங்கள் பிரசவத் தேதி டிசம்பர் 6லிருந்து 18க்குத் தள்ளிப்போகிறது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிட் வைத்துப் பார்த்தது எப்போது? ஏப்ரல் 2, 3 தேதிகளிலேயே இரண்டு கோடு பளிச்சென்று விழுந்திருந்தால் என் பதில் மாறும். மார்ச் 26 வாக்கில் உருவான கரு அவ்வளவு சீக்கிரம் கிட்டில் காட்டாது. அப்படி இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லி, இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்ப்பது நல்லது. இதயத்துடிப்பு இருந்து, கிட் தேதியும் ஒத்துப்போனால் கவலை வேண்டாம்.

கேள்வி: கல்யாணமாகி 5 வாரம்கூட ஆகவில்லை. ஸ்கேனில் 6 வாரம் என்கிறார்கள். மாமியார் வீட்டில் ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

பதில்: ரிப்போர்ட்டை அவர்களிடமே காட்டி இதைப் படிக்கச் சொல்லுங்கள். கர்ப்ப வாரம் கரு உண்டான நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பே, மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஸ்கேன் மெஷினும் அதே வழக்கப்படி இரண்டு வாரம் சேர்த்துத்தான் அச்சடிக்கும். 6 வாரம் என்றால் கரு உண்டாகி சுமார் 4 வாரம். கல்யாணத்துக்குப் பிறகுதான். இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

கேள்வி: 12 வார ஸ்கேனில் சொன்ன தேதி வேறு, 32ஆம் வாரத்தில் எடுத்ததில் வந்த தேதி வேறு. இப்போது 29 வாரம்தான் என்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் வந்ததை. 12 வாரத்தில் ஒருமுறை உறுதி செய்த தேதியைப் பிறகு மாற்றக் கூடாது. கடைசி மாதங்களில் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து அந்த அளவுக்கு உரிய சராசரி வயதை மெஷின் போடுகிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு குழந்தை குண்டாகவும் இன்னொன்று ஒல்லியாகவும் இருக்கும். வயதைக் கணிப்பதில் மூன்று வாரம்வரை முன்பின்னாகலாம்.

அதனால் உங்கள் ரிப்போர்ட்டை "குழந்தைக்கு 29 வாரம்தான்" என்று படிக்காதீர்கள். "32 வாரக் குழந்தை 29 வார அளவில் இருக்கிறது" என்று படியுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். தேதியைத் தள்ளிவைத்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். வளர்ச்சி குறைந்த குழந்தை கண்ணில் படாமலே போய்விடும். இந்தத் தவறு நடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். குறிப்பாக வயிற்றுச் சுற்றளவு மட்டும் பின்தங்கியிருந்தால் டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும். தள்ளிப்போடாமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். 12 வார ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் தேதிப்படி 7 வாரம். ஸ்கேனில் 11 வாரம். இது எப்படி?

பதில்: நீங்கள் கடைசி மாதவிலக்கு என்று நினைத்தது, கர்ப்பம் உண்டான பிறகு லேசாகப் பட்ட ரத்தமாக இருந்திருக்கலாம். வழக்கத்தைவிடக் குறைவாக, ஒன்றிரண்டு நாளிலேயே நின்றுவிட்டதா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால், அதற்கு முந்தைய மாதத் தேதியிலிருந்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஸ்கேனோடு ஒத்துப்போகும்.