ஐந்து நாளா, ஒன்பது இரவா?

*கேள்வி: டெல்லியில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் மதுரை. அம்மாவுக்கு பிப்ரவரி 12, வியாழக்கிழமை கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சை. 16ஆம் தேதி வாக்கில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். மருத்துவமனையில் சித்தி துணைக்கு இருப்பார். வீட்டுக்கு வந்த பிறகு ஆள் இல்லை. அப்பா மளிகைக் கடையை விட்டு நகர முடியாது. தங்கைக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. நான் ஐந்து நாள் போய்வர வேண்டும். வார்டனுக்கு இதை எப்படி எழுதுவது? நோயைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. "அக்கா கல்யாணம் என்று எழுது, உடனே விடுவார்கள்" என்கிறார்கள் நண்பர்கள். உதவுங்கள் அம்மா. — ஒரு மாணவன், புது டெல்லி*

தம்பி, கல்யாணம் என்று எழுதாதீர்கள். டெல்லியில் பல ஆண்டுகள் விடுதி வார்டனாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன். கல்யாணம் என்று வரும் கடிதத்துக்கு முதலில் கேட்பது பத்திரிகை. பத்திரிகை இல்லை என்றால் அடுத்த நிமிடம் வீட்டுக்குத் தொலைபேசி. மனைவி மருத்துவமனையில் படுத்திருக்க, கடையில் நிற்கும் உங்கள் அப்பாவிடம் யாரோ "மகள் கல்யாணம் எப்போது?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போய் நீங்கள் இரண்டு நாள் கூடுதலாக இருக்க வேண்டி வந்தால், முடிந்துபோன கல்யாணத்தை வைத்துக்கொண்டு எப்படி நீட்டிப்புக் கேட்பீர்கள்? உண்மைக் காரணத்துக்கு மட்டுமே அந்த வசதி உண்டு.

கூச்சத்துக்கும் வழி இருக்கிறது. "அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை" என்று எழுதினால் போதும். எந்த உறுப்பு என்று கேட்கும் உரிமை வார்டனுக்கு இல்லை, தேவையும் இல்லை. அத்தாட்சியாக மருத்துவமனையில் அனுமதிச் சீட்டு ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அதில் அம்மாவின் பெயர், சேர வேண்டிய தேதி, மருத்துவமனை முத்திரை இருக்க வேண்டும். சிகிச்சையின் பெயர் அதில் இருந்தால், நகலை இணைக்காமல் நேரில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சீட்டில் உள்ள அம்மாவின் பெயரும் நீங்கள் விடுதியில் சேர்ந்தபோது படிவத்தில் எழுதிய பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றில் முத்துலட்சுமி, மற்றொன்றில் வெறும் லட்சுமி என்று இருந்து, அதற்காகவே கடிதம் இரண்டு நாள் மேசையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நாள் கணக்கு. பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது இங்கேதான். ஐந்து நாள் என்பது நீங்கள் வகுப்புக்கு வராத நாட்கள். வார்டனுக்கு வேண்டியது நீங்கள் விடுதியில் படுக்காத இரவுகள். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மதுரைப் பிள்ளைக்கு அப்படி இல்லை.

13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வகுப்பு முடித்து, அன்று இரவு புது டெல்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை முழுவதும் ரயிலில். ஞாயிறு காலை சென்னை சென்ட்ரல். எழும்பூருக்குப் போய் மதியம் வைகையைப் பிடித்தால் அன்று இரவு மதுரை. திங்கள் முதல் வியாழன் வரை வீட்டில் முழுதாக நான்கு நாட்கள். வெள்ளிக்கிழமை, 20ஆம் தேதி, காலை வைகையில் கிளம்பினால் மதியம் சென்னை. இரவு சென்ட்ரலில் மறுபடி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஞாயிறு, 22ஆம் தேதி காலை டெல்லி. வகுப்பில் தவறுவது திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்கள். விடுதியில் நீங்கள் இல்லாத இரவுகளோ 13 முதல் 21 வரை ஒன்பது. அம்மாவோடு இருக்கக் கிடைப்பது நான்கு நாள்.

"ஐந்து நாள் அனுமதி வேண்டும்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒன்பது இரவு காணாமல் போனால், இரவு வருகைப் பதிவேட்டில் நான்கு இரவுகள் அனுமதியில்லாமல் விழும். அதற்குப் பிறகு அபராதம், அப்பாவுக்குத் தொலைபேசி, விளக்கக் கடிதம். ஆகவே நாட்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், கிளம்பும் தேதி, நேரம், திரும்பும் தேதி, நேரம் நான்கையும் எழுதுங்கள். ஞாயிறு காலையே திரும்புவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ரயில் ஆறு ஏழு மணி நேரம் தாமதமானாலும் விடுதிக் கதவு அடைக்கும் முன் வந்துவிடுவீர்கள்; திங்கட்கிழமை வகுப்பும் போகாது.

அடுத்தது, வார்டனின் கையெழுத்து விடுதி வாசலைத் தாண்டத்தான் செல்லும். வகுப்பறைக்கு அது செல்லாது. துறைத் தலைவருக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலை வார்டன் கடிதத்தோடு இணையுங்கள். மருத்துவ விடுப்பு என்று வருகையில் கணக்குக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அந்தச் சலுகை மாணவனின் சொந்த நோய்க்குத்தான். அம்மாவின் சிகிச்சைச் சீட்டு நீங்கள் போன காரணத்தைக் காட்டுமே தவிர, போன வகுப்புகளைத் திருப்பித் தராது. அதனால் கிளம்பும் முன்பே கணக்குப் போடுங்கள். ஒரு பாடத்துக்கு வாரம் நான்கு வகுப்பு, பருவத்துக்குப் பதினைந்து வாரம் என்றால் மொத்தம் 60. உங்கள் கல்லூரி 75 விழுக்காடு கேட்கிறது என்றால் 45 வகுப்பில் இருந்தாக வேண்டும், 15 போகலாம். இந்தப் பயணத்தில் நான்கு போகும். ஏற்கெனவே பன்னிரண்டு போயிருந்தால் அந்தப் பாட ஆசிரியரை இந்த வாரமே பாருங்கள். அந்த ஐந்து நாளில் உள்தேர்வு ஏதாவது வருகிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். போய்வந்த பிறகு கேட்டால் மறுதேர்வு கிடைப்பது கடினம்.

கடிதம் எத்தனை நன்றாக இருந்தாலும் விடுதி அலுவலகம் வீட்டுக்கு ஒரு முறை பேசாமல் விடாது. டெல்லியில் நம் பிள்ளைகளின் காரியம் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கடையில் கூட்டமாக இருக்கும் நேரத்தில் 011 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வரும். ஏதோ மோசடிக்காரன் என்று அப்பா துண்டித்துவிடுவார். எடுத்தாலும் அந்தப் பக்கம் இந்தி, இந்தப் பக்கம் தமிழ். "பெற்றோருக்கு விவரம் தெரியவில்லை" என்று எழுதி அலுவலகம் கடிதத்தை ஒதுக்கிவிடும். எனவே அப்பாவிடம் அழைப்பு வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் ஒரு தாளில் தம் கைப்பட, "என் மகனை இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வீட்டுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்" என்று தமிழில் எழுதி, கீழே தங்கை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுத, அப்பா கையெழுத்திட்டுப் படமெடுத்து அனுப்பட்டும். விடுதிப் படிவத்தில் உங்களுக்கு லோக்கல் கார்டியனாக எழுதியிருப்பவர் டெல்லியில் உள்ள உறவினர் என்றால் அவரிடமும் சொல்லி, அலுவலகம் கேட்டால் இந்தியில் பேசச் சம்மதம் வாங்குங்கள். படிவத்தில் உள்ள அப்பாவின் எண் இன்னும் அதே எண்தானா என்பதைக் கடிதம் கொடுக்கும் முன் சரிபாருங்கள்.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் கொடுப்பீர்கள். என்ன எழுத வேண்டும் என்பதைத் தமிழில் தருகிறேன்:

*"மதிப்பிற்குரிய வார்டன் அவர்களுக்கு, இரண்டாம் ஆண்டு மாணவனான நான் இந்த அறை எண்ணில் தங்கியிருக்கிறேன். என் தாயாருக்கு பிப்ரவரி 12 அன்று மதுரையில் வயிற்றில் அறுவை சிகிச்சை நடக்கிறது. 16ஆம் தேதி வாக்கில் அவர் வீடு திரும்புவார். தந்தை கடை நடத்துகிறார். தங்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. அந்த வாரம் தாயாரைக் கவனிக்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. பிப்ரவரி 13, மாலை 6 மணிக்கு விடுதியிலிருந்து கிளம்பி, பிப்ரவரி 22, நண்பகலுக்குள் திரும்ப அனுமதி வேண்டுகிறேன். போக வர ஆகும் பயண நாட்களும் இதில் அடக்கம். மதுரையில் எங்கள் வீட்டில் தங்குவேன்; முகவரியும் தந்தையின் எண்ணும் கீழே உள்ளன. தந்தையின் கடிதம், மருத்துவமனைச் சீட்டு, பயணச்சீட்டு, துறைத் தலைவருக்குக் கொடுத்த கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அந்த நாட்களுக்கு உணவுக் கட்டணக் கழிவுக்கும் பதிவுசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்."*

மருத்துவமனைச் சீட்டை நேரில் காட்டுவதாக முடிவுசெய்தால் அந்த வரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வேறெதுவும் சேர்க்க வேண்டாம். "தயவுகூர்ந்து, மன்றாடி" என்று வளர்த்தால் தேதிகள் கண்ணில் படாமல் போகும். தங்கையின் தேர்வைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆண்பிள்ளை ஏன் போக வேண்டும், வீட்டில் பெண்கள் இல்லையா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒரு வரி அவர்களுக்குப் பதில் சொல்லிவிடும். ஒரு பெண்பிள்ளையின் படிப்பு கெடக்கூடாது என்று நீங்கள் போவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உணவுக் கட்டணக் கழிவு கேட்கும் வரிக்கும் காரணம் உண்டு: முன்கூட்டி எழுதித் தராவிட்டால் பல விடுதிகளில் கழிவு கிடைக்காது.

பயணச்சீட்டை அனுமதிக்குக் காத்திராமல் இன்றே எடுங்கள். ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்தம் போகும், அவ்வளவுதான். காத்திருப்போர் பட்டியலில் உள்ள இணையச் சீட்டு, பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. கடிதத்தை ஒரு வாரம் முன்னதாக, அலுவலக நேரத்தில், வார்டன் கையிலேயே கொடுங்கள். கையெழுத்தான பிரதியைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். காவலாளியிடம் காட்ட அது உதவும்.

சிகிச்சைத் தேதி தள்ளிப்போகலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு, சர்க்கரை அதிகம் என்று சொல்லி ஒரு வாரம் தள்ளிவைப்பது சாதாரணம். அப்படி நேர்ந்தால், 13ஆம் தேதிக்கு முன்பே பழைய கடிதத்தைக் குறிப்பிட்டுப் புதிய தேதிகளோடு மற்றொரு கடிதம் கொடுங்கள். ஊருக்குப் போன பிறகு கூடுதல் நாள் தேவைப்பட்டால், 20ஆம் தேதி ரயிலை விடுவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். அதில் புதிய திரும்பும் தேதி, மருத்துவர் சொன்ன காரணம், அப்பாவின் சம்மதம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். துறைத் தலைவருக்கும் அதன் பிரதி போகட்டும்.

வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சை என்றால் ஆறு வாரம் வரை அம்மா கனமான எதையும் தூக்கக்கூடாது என்பார்கள். நீங்கள் இருப்பது நான்கு நாள். அதற்குள் தண்ணீர்க் குடம் தூக்கவும் துணி துவைக்கவும் மார்ச் இறுதி வரை யார் வருவார் என்பதை அப்பாவோடு உட்கார்ந்து பேசி, ஆளை அமர்த்திவிட்டுக் கிளம்புங்கள்.