பட்டையில் சரி, நோட்டில் தவறு: வேற்றினப் பின்னக் கூட்டல்

“ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் காகிதப் பட்டைகளை வைத்துச் சரியாகக் கூட்டுகிறாள். நோட்டில் மட்டும் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். என்ன செய்வது?”

பட்டையில் கோடு போடும்போதே அதை எண்ணாகவும் எழுத வைக்க வேண்டும். இரண்டையும் தனித்தனி வேலையாக விட்டால் இந்தப் பிழை போகாது. 12 செ.மீ. நீளத்தில் மூன்று பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றாக மடிப்பது பிள்ளைகளுக்குச் சரியாக வராது என்பதால் அளவுகோலால் கோடு போடட்டும். முதல் பட்டையிலிருந்து அரையையும் (6 செ.மீ.) இரண்டாவதிலிருந்து மூன்றில் ஒன்றையும் (4 செ.மீ.) வெட்டி மூன்றாவதன் மேல் அடுத்தடுத்து வைத்தால் 10 செ.மீ. மூடப்படும். அதே பட்டையில் 2/5 எங்கே வரும் என்று கேளுங்கள். அது 4.8 செ.மீ.தான், கூட்டிய விடை அரையைவிடச் சிறியதாக இருப்பது குழந்தையின் கண்ணிலேயே படும்.

மூடிய பரப்பில் இருப்பவை இரண்டு துண்டுகள்தான் என்றாலும், அவை ஒரே அளவில் இல்லாததால் எண்ணிப் பயனில்லை. அரையை மூன்றாகவும் மூன்றில் ஒன்றை இரண்டாகவும் கோடிட்டால் எல்லாத் துண்டுகளும் 2 செ.மீ. ஆகிவிடும், முழுப் பட்டையில் அத்தகைய துண்டுகள் ஆறு. இப்போது பட்டைக்குப் பக்கத்திலேயே 1/2 = 3/6, 1/3 = 2/6, ஆகவே 5/6 என்று எழுதட்டும். ஒவ்வொரு துண்டையும் மூன்றாக்கினால் பகுதி மட்டுமல்லாமல் தொகுதியும் மும்மடங்காகிறது என்பதைத் தன் வாயால் சொல்லவும் வேண்டும். பாடத்தை முடித்தாக வேண்டிய அவசரத்தில் வகுப்புகள் தாவிவிடுவது இந்த இடத்தைத்தான். பிறகு விடைக்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டுக் குழந்தைக்குக் கணக்கு வரவில்லை என்கிறார்கள்.

டியூஷனில் கற்றுத்தரும் குறுக்குப் பெருக்கல் ‘டிரிக்’கை இப்போதைக்கு அண்டவிடாதீர்கள். இரண்டு பின்னங்களுக்கு அது சரியான விடையைத் தரும். ஆனால் 1/2 + 1/3 + 1/4 வந்ததும், ஏன் பெருக்கினோம் என்று தெரியாத பிள்ளை அப்படியே நின்றுவிடும். வண்ணப் பிளாஸ்டிக் பின்னப் பெட்டிக்கும் செலவழிக்க வேண்டாம். வெட்டி வைத்த துண்டுகளைப் பொருத்திப் பார்க்கலாமே தவிர, கோடு போட்டு மேலும் சிறிதாக்க முடியாது. கற்க வேண்டியதோ அந்தக் கோட்டைத்தான்.

அடுத்து 1/4 + 1/6 கொடுங்கள். பகுதிகளைப் பெருக்கினால் 24 வரும்; 6/24 + 4/24 = 10/24 என்பதும் தவறில்லை. ஆனால் 12 செ.மீ. பட்டையில் கால் பங்கு 3 செ.மீ., ஆறில் ஒன்று 2 செ.மீ.; இரண்டையும் 1 செ.மீ. துண்டுகளாலேயே மிச்சமின்றி அளந்துவிடலாம் என்பதால் பன்னிரண்டு பங்குகளே போதும், விடை 5/12. நான்குக்கும் ஆறுக்கும் 2 பொதுக் காரணியாக இருப்பதால்தான் இப்படிச் சுருங்குகிறது. மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரை இதற்குப் பிறகு சொல்லுங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் அப்படிப் பொதுக் காரணி இல்லாததால் பெருக்கலே மீச்சிறு பொது மடங்காக அமைந்தது. முதல் கணக்கோடு நிறுத்திவிட்டால், எப்போதும் பகுதிகளைப் பெருக்குவதே விதி என்று குழந்தை எடுத்துக்கொள்ளும்.

பிறகு 2/5 + 1/3 கொடுத்து, எத்தனை செ.மீ. பட்டை வெட்டலாம் என்று கேளுங்கள். வெட்டுவதற்கு முன்பே 15 என்று சொல்லிவிட்டால் பட்டைகளை எடுத்து வைத்துவிடலாம்.